கைப்புள்ளைக்கு ஏன் கட்டதுரையே வேண்டும்?

சுந்தர்.சி இயக்கிய ‘வின்னர்’ 2003-ல் வந்தது. அதில் பிரசாந்துக்கும் கிரணுக்கும் இடையே காதல் எப்படி வந்தது என்று கேட்டால் பலர் தலையைச் சொறிவார்கள். கைப்புள்ள என்று சொல்லிப் பாருங்கள், வருத்தப்படாத வாலிபர் சங்கத்தில் தொடங்கி, தரையில் கோடு போட்டுவிட்டு அதைத் தாண்டக் கூடாது என்று பேசும் வீரம் வரை வரிசையாக ஒப்பிப்பார்கள். இதை வடிவேலுவின் உடல்மொழிக்கும் குரலுக்கும் கிடைத்த வெற்றி என்று சொல்வது வழக்கம். பாதி உண்மைதான். மீதிப் பாதி எழுத்து மேசையில் நடந்தது.

கைப்புள்ளையை அடித்துத் துவைக்கும் கட்டதுரை யார்? படத்தின் வில்லன். ரியாஸ்கான் நடித்த அதே ஆளோடுதான் கதாநாயகனும் மோதப்போகிறான். கைப்புள்ளைக்கென்று தனியாக ஒரு தெருச் சண்டியரை எழுதியிருக்கலாம், காட்சியும் சிரிப்பாகவே இருந்திருக்கும். ஆனால் ஒரே எதிரியை இரண்டு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. கைப்புள்ள வாங்கும் ஒவ்வொரு அடியும் கட்டதுரையின் பலத்துக்குச் சாட்சியாகிறது. சிரித்துக்கொண்டே இருக்கும் ரசிகருக்குத் தெரியாமலேயே, நாயகன் யாரை ஜெயிக்க வேண்டும் என்ற விவரம் உள்ளே போய்விடுகிறது. தவிர, கைப்புள்ளைக்கும் அந்தப் பெண் மீது உரிமை கொண்டாட ஆசை. நாயகனுக்கு இருக்கும் அதே ஆசை, அதே எதிரி. முடிவு மட்டும் தலைகீழ்.

சினிமாக்காரர்கள் இதை ‘காமெடி டிராக்’ என்கிறார்கள். நாயகனின் கதை ஒரு தடத்தில் போக, நகைச்சுவை நடிகரின் சின்னக் கதை பக்கத்துத் தடத்தில் போகும். தனித்தனியாக எழுதி, பல நேரம் தனித்தனியாகவே படம்பிடித்து, கடைசியில் ஒரே படமாகக் கோப்பார்கள். இந்தத் தடத்துக்கு வேர் நாடக மேடையில் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வந்து ஆடிப் பேசிச் சபையைக் கலகலப்பாக்குவார். அன்றிரவு நடப்பது வள்ளி திருமணமா, வேறு கதையா என்பது அவருக்குப் பெரிய விஷயமே அல்ல. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்த என்.எஸ்.கிருஷ்ணன் அந்த மரபைத் திரைக்குக் கொண்டுவந்தார். டி.ஏ.மதுரத்தோடும் தன் குழுவோடும் சேர்ந்து தன் பகுதியைத் தானே உருவாக்கிக்கொண்டார். படத்தின் இயக்குநர் ஒருவர், அதற்குள் இருக்கும் சிரிப்புக்குப் பொறுப்பாளி இன்னொருவர் என்ற ஏற்பாடு அப்படித்தான் ஊன்றியது. பிற்காலத்தில் காமெடி டிராக் மட்டும் எழுதுவதற்கென்றே ஆட்கள் இருந்ததும் அதன் தொடர்ச்சிதான்.

தடத்தை எழுதுகிறவர் முதலில் தேடுவது ஜோக்கை அல்ல. இந்த ஆளுக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் தடுப்பது யார் என்பதைத்தான். இதற்கு நல்ல விடை கிடைத்துவிட்டால் ஜோக்குகள் பின்னாலேயே வரும். அப்படிக் கிடைத்த விடைகளில் ஆகச் சிறந்தது 1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’.

ஸ்ரீதர் இயக்கிய படம். கதை, வசனத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தவர் சித்ராலயா கோபு. டி.எஸ்.பாலையா நடித்த விஸ்வநாதன் பணக்காரர். பணம் இருக்கிற இடத்தில்தான் தன் பெண்களைக் கொடுப்பார். அவரால் வேலையிழந்த அசோக்கை, அதாவது ரவிச்சந்திரனை, அவருடைய மகளே காதலிக்கிறாள். விஸ்வநாதனை மசியவைக்க அசோக் தன்னைக் கோடீஸ்வரரின் மகன் என்று சொல்லிக்கொள்கிறான். நண்பன் வாசுவாக வரும் முத்துராமன் கிழவர் வேஷம் கட்டி அந்தக் கோடீஸ்வரத் தகப்பனாக நடிக்கிறான். இது பிரதான தடம். இதில் எல்லாமே ஒரு பொய்யைக் காப்பாற்றும் பதற்றம்.

அடுத்த தடத்தில் நாகேஷ். விஸ்வநாதனின் மகன் செல்லப்பா. அவனுக்குச் சினிமாப் படம் எடுக்க வேண்டும். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனிப் பெயர் தயார். கதாநாயகியாக்க சச்சு நடித்த பெண்ணையும் பிடித்துவிட்டான். பணம் மட்டும் இல்லை. பணம் அப்பாவிடம் இருக்கிறது.

இதில் முடிச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள். நாயகனுக்கு வேண்டிய பெண்ணும், செல்லப்பாவுக்கு வேண்டிய பணமும் ஒரே மனிதரின் கையில். பாலையா இரண்டு தடங்களுக்கும் பொதுவான வாசற்காரர். அவர் ஒரு காட்சியில் பேராசைக்கார மாமனாராகவும் அடுத்த காட்சியில் மகனிடம் மாட்டிக்கொண்ட அப்பாவாகவும் இருந்தாலும் ஆள் மாறவில்லை. பணத்தின் மேல் இருக்கும் அந்தப் பற்றுதான் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. நாயகனிடம் ஏமாறப்போகிறவரின் குணத்தை ரசிகர் செல்லப்பாவின் காட்சிகளிலேயே அளந்துவிடுகிறார். இன்னொன்றும் உண்டு. அசோக்கும் வாசுவும் விஸ்வநாதன் முன்னால் நடிப்பது ஒரு கட்டுக்கதை. செல்லப்பாவும் அவரிடம் கதைதான் விடுகிறான். பொய்க்கதையை நம்புகிற பாலையா, மகன் சொல்லும் சினிமாக் கதைக்குப் பணம் எடுக்க மறுக்கிறார். எழுதியவர்கள் இதைத் திட்டம் போட்டுச் செய்தார்களோ, கை தானாகப் போனதோ, இரண்டு தடங்களும் ஒன்றையொன்று கேலி செய்தபடியே ஓடுகின்றன.

தமிழர்கள் பலமுறை பார்த்த அந்தக் கதை சொல்லும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். செல்லப்பா அப்பாவுக்குத் தன் படத்தின் பேய்க்கதையைச் சொல்கிறான். நாகேஷ் வாயாலேயே ஓசைகளை எழுப்புகிறார், குரலை இறக்குகிறார், ஏற்றுகிறார். எல்லாரும் நாகேஷைப் பாராட்டுவார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் காட்சியின் சிரிப்பு பாலையாவின் முகத்தில் இருக்கிறது. அலட்சியமாகக் கேட்க ஆரம்பித்தவர் மெல்ல மெல்லக் கதைக்குள் இழுபட்டு, நடுங்கி ஒடுங்குகிறார். காட்சிக்குள் ஒரு திருப்பம்கூட இல்லை, பெரிதாகச் சொல்லும்படி ஒரு ஜோக்கும் இல்லை. கறாரான பணக்காரர் ஒருவர் தன் அதிகாரத்தைச் சிறிது சிறிதாக இழப்பதுதான் மொத்தக் காட்சியும். எழுதும்போது இருவருக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருந்தால்தான் இது நடக்கும். ஒருவர் தள்ள வேண்டும். மற்றவர் தள்ளுப்பட வேண்டும். பாலையாவுக்குப் பதில் வெறுமனே தலையாட்டும் ஒரு துணை நடிகரை உட்காரவைத்திருந்தால் நாகேஷின் சாமர்த்தியம் ஒரு மிமிக்ரி நிகழ்ச்சியோடு நின்றிருக்கும்.

ஸ்ரீதரே இந்தப் படத்தை ‘ப்யார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தபோது நாகேஷின் வேடத்தை மெஹ்மூத் செய்தார். டிராக்கை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் இந்திக்குக் கொண்டுபோக வழியே இல்லை, அப்படிப் பின்னிக் கிடந்தது.

இதற்கு நேர் எதிராக, பிரதான கதையைத் தொடாமலே ஓடும் தடமும் உண்டு. லிங்குசாமியின் ‘ரன்’ (2002) அதற்கு உதாரணம். மாதவன் ஒரு பக்கம் மீரா ஜாஸ்மினைக் காதலித்து அதுல் குல்கர்னியின் ஆட்களிடமிருந்து ஓடுகிறார், திரும்பி நின்று அடிக்கிறார். விவேக் இன்னொரு பக்கம் வேலை தேடிச் சென்னைக்கு வந்து, பார்க்கிற ஆளிடமெல்லாம் ஏமாறுகிறார். காக்கா பிரியாணி அங்கேதான் வருகிறது. விவேக்கின் காட்சிகளைக் கத்தரித்து எடுத்தால் மாதவனின் கதையில் ஒரு வசனத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

அப்படியானால் அது ஏன் படத்தோடு ஒட்டியது? அங்கே பொது ஆள் இல்லை, பொதுப் பாதை இருக்கிறது. இருவருமே வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள். ஒருவனுக்கு அந்த ஊர் சவால் விடுகிறது, அவன் எழுந்து நிற்கிறான். இன்னொருவனை அதே ஊர் மொட்டையடித்து அனுப்புகிறது. நாயகனின் துணிச்சலை ரசித்துவிட்டு வரும் ரசிகருக்கு, நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் பெரிய நகரத்தில் விவேக்குக்கு நடந்ததுதானே நடக்கும் என்று தோன்றுகிறது. கதை தொடவில்லை, கேள்வி தொடுகிறது. 2004-ல் அபிஷேக் பச்சன் நடிக்க இந்தியில் ‘ரன்’ வந்தபோது காக்கா பிரியாணியும் கூடவே போனது. விஜய் ராஸ் சாப்பிட்டார். இன்று இந்திக்காரர்கள் அந்தப் படத்தில் நினைவு வைத்திருப்பது பெரும்பாலும் அதைத்தான். கழற்றி எடுக்க முடிகிற டிராக்கைக்கூட அவர்கள் கழற்றவில்லை.

எந்த முடிச்சும் வலுவாக இல்லாதபோது எழுத்தாளர் காட்சியின் உள்கட்டமைப்பையே நம்பியாக வேண்டும். ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சி அந்த வகை. அதன் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ.வீரப்பன். நடிகராகவும் இருந்தவர், கவுண்டமணி–செந்தில் ஜோடிக்குப் பல படங்களில் எழுதியவர். போஸ்டரில் பெயர் பெரிதாக வராத வர்க்கம்.

ராமராஜனும் கனகாவும் எதிரெதிர்க் கரகாட்டக் குழுக்களில் இருந்து காதலிப்பது கதை. கவுண்டமணியும் செந்திலும் ராமராஜனின் குழுவில் இருக்கிறார்கள் என்பதைத் தவிர வாழைப்பழத்துக்கும் காதலுக்கும் சம்பந்தம் கிடையாது. அண்ணன் காசு கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார். தம்பி ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொடுக்கிறான். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கொடுத்த பழத்தையே காட்டி அதுதான் இது என்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

இதில் நுட்பம், செந்திலின் பதிலில் பிழை கண்டுபிடிக்க முடியாது என்பது. இரண்டு பழத்தில் ஒன்றைத் தின்றாயிற்று, ‘இன்னொன்று’ இதுதானே! கவுண்டமணி நினைக்கும் ‘இன்னொன்று’ வேறு, செந்தில் நினைக்கும் ‘இன்னொன்று’ வேறு. இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரி. செந்தில் திருட்டு முழி முழித்து மழுப்பியிருந்தால், அடி கொடுத்ததும் காட்சி முடிந்திருக்கும். அவன் முழு நம்பிக்கையோடு சொல்வதால் கேட்பவருக்கு வெளியேற வழியில்லை. மறுபடி கேட்டே ஆக வேண்டும். கேள்வி மாறாமல், பதில் மாறாமல், கேட்பவரின் பொறுமை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு படி இறங்குகிறது. முதல் தடவை சாதாரண விசாரணை, பிறகு சந்தேகம், பிறகு கோபம், கடைசியில் அழாத குறை. வசனமாகப் பார்த்தால் அரைப் பக்கம் தேறாது. அந்த இறக்கத்தை எத்தனை படியாக வைப்பது என்பதுதான் எழுத்து. இரண்டு படியோடு நிறுத்தியிருந்தால் கடிஜோக். இருபது படி இழுத்திருந்தால் ரசிகர் எழுந்து போய் முறுக்கு வாங்கிவந்திருப்பார்.

அதே படத்தில் குழுவினர் போகும் பழைய காரை முன்னால் சொப்பன சுந்தரி வைத்திருந்தாள் என்ற பேச்சு வருகிறதே, அது வேறு ரகம். ஊர் ஊராகப் போய் ஆடுகிற குழுவுக்கு வண்டி வேண்டும், வண்டி மக்கர் செய்யும், வம்பும் வரும். கதை நடக்கிற தொழிலுக்குள்ளிருந்தே அந்தச் சிரிப்பு பிறக்கிறது. பாமர ரசனை என்று சிலர் ஒதுக்கிய ஒரு படத்தில் இப்படி இரண்டு விதக் கட்டுமானமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இனி, எங்கே வைப்பது? டிஸ்கஷனில் கதை முடிவானதும் காட்சிகளை வரிசைப்படுத்தி ‘ஒன்லைன்’ எழுதுவார்கள். அதில் நகைச்சுவைக் காட்சிகளுக்கு இடம் விட வேண்டும். பெரிய காமெடி நடிகரின் கால்ஷீட் சில நாட்கள்தான் கிடைக்கும். அதற்குள் அவருடைய எல்லாக் காட்சிகளையும் எடுத்தாக வேண்டும் என்றால், நாயகன் வரவேண்டிய அவசியம் இல்லாமல் எழுதுவதே வசதி. ஒரே தெரு, ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை என்று டிராக்குகள் சுற்றிச் சுற்றி வருவதற்கு அழகியல் காரணத்தைவிட இந்தக் காரணமே பெரிது. 1984-ல் ஆர்.சுந்தர்ராஜன் இயக்கிய ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணியின் ஆல் இன் ஆல் அழகுராஜாவுக்குக் கடைதான் உலகம். சைக்கிளும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் அங்கே இருக்கின்றன, வந்து மேண்டிலைப் பிடித்து நசுக்கச் செந்தில் இருக்கிறார். வேறெதுவும் தேவைப்படவில்லை.

அந்தப் படம் துயரமானது. இழந்த காதலில் உறைந்துபோன விஜயகாந்த், இளம் விதவையாக ரேவதி. இப்படிப்பட்ட கதையில் அழகுராஜா வராவிட்டால் ரசிகர் இரண்டரை மணி நேரம் தாங்கமாட்டார் என்பது வியாபாரக் கணக்கு. ஆனால் கணக்கு தவறுகிற இடமும் இதுதான். மரணக் காட்சி முடிந்த கையோடு கடையில் அடிதடிச் சிரிப்பு வந்தால், ரசிகர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் திணறுவார். தேர்ந்த எழுத்தாளர் நடுவில் ஒரு சாதாரணக் காட்சியை வைப்பார்: ஒரு பயணம், ஒரு பாட்டு, ஊரில் ஒரு விசேஷம். கண்ணீர் காய்வதற்கான அவகாசம் அது. இடைவேளைக்குச் சற்று முன்னாலும் டிராக்கை வைப்பது ஆபத்து. நாயகனுக்கு விழப்போகும் பெரிய அடிக்கு ரசிகர் தயாராகும் நேரம் அது; அங்கே ஜோக் நுழைந்தால் அடி லேசாகிவிடும்.

இன்னொரு பழுது இடைவேளைக்குப் பின்னால் தெரியும். வில்லனும் நாயகனும் நெருங்க நெருங்க, காமெடியன் காணாமல் போய்விடுவார். கல்யாணப் பந்தலிலோ கடைசி குரூப் போட்டோவிலோ திடீரென்று முளைப்பார். முதல் பாதியில் அவருக்கு ஆசை ஒன்று எழுதாமல், வெறும் சேட்டை மட்டும் எழுதியிருந்தால் இப்படித்தான் ஆகும். ஆசை இருந்தால் அது நிறைவேறியதா, நாசமாய்ப் போனதா என்று சொல்ல வேண்டிய கடமை எழுத்தாளருக்கு வந்துவிடும். சேட்டைக்கு முடிவு தேவையில்லை. அதனால்தான் நல்ல நடிகர் இருந்தும் பல டிராக்குகள் பாதியில் அறுந்து தொங்குகின்றன.

ஆளின் நிறத்தையும் உருவத்தையும் திட்டுவதையே சிரிப்பாக்கிய காட்சிகளை இன்று பார்க்கும்போது நெளிய வேண்டியிருக்கிறது. அவற்றில் பல, சூழல் எழுதப்படாத வெற்றிடத்தை வசவால் நிரப்பியவை. வாழைப்பழக் காட்சிக்கு அந்த வசவு அவசியமில்லை என்பதைக் கவனிக்கலாம். அங்கே தர்க்கமே போதுமானதாக இருந்தது.

கழற்றக்கூடிய தடமாக எழுதியதில் யாரும் எதிர்பாராத லாபம் ஒன்று பின்னால் வந்தது. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவைச் சேனல்கள் தொடங்கியபோது, தயாராக நறுக்கிவைத்தது போல ஆயிரக்கணக்கான காட்சிகள் இருந்தன. முன்கதை தெரிய வேண்டாம், நாயகன் யார் என்றுகூடத் தெரிய வேண்டாம். படம் ஓடாமல் பெட்டிக்குள் போனபிறகும் அதன் டிராக் தினமும் வீட்டுக்குள் வந்துபோனது.

தடத்தின் எல்லையை அழித்தவர்களில் முக்கியமானவர் இயக்குநர் எம்.ராஜேஷ். 2010-ல் வந்த ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ படத்தில் சந்தானத்தின் நல்லதம்பி முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். ஆர்யாவின் பாஸ்கரனுக்கு ஒரு யோசனை வந்தால், அதற்கு விலை கொடுப்பவன் நல்லதம்பி. பாஸ்கரன் டுடோரியல் தொடங்கினால் அதிலும் அவன் மாட்டிக்கொள்கிறான். பழைய படமாக இருந்தால் சலூன் காட்சிகள் தனி டிராக்காகியிருக்கும். இங்கே நாயகனின் ஒவ்வொரு அடியும் நண்பனின் தலையில் விழுவதால், காமெடியனை எடுத்துவிட்டால் நாயகனுக்கே நகர வழியில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’யிலும் அதே சூத்திரம்: உதயநிதி காதலிப்பார், சந்தானம் அவஸ்தைப்படுவார்.

இதனால் எழுத்தாளரின் பாடு குறைந்ததா என்றால், இல்லை. டிராக் எழுதியபோது காமெடியனுக்கு ஐந்தாறு காட்சிகள் பலமாக அமைந்தால் போதும். நண்பனாக எழுதினால் காதல், சண்டை, குடும்பச் சிக்கல் எல்லாவற்றிலும் அவன் நிற்கிறான். ஒவ்வொன்றிலும் அவனுக்கு ஒரு கவுண்டர் வேண்டும், அந்த கவுண்டர் காதல் காட்சியின் ஈரத்தைக் கெடுக்கவும் கூடாது. தயாரிப்பாளருக்கோ சில நாள் கால்ஷீட் போதவில்லை. நாயகன் இருக்கும் நாளெல்லாம் காமெடியனும் செட்டில் இருக்க வேண்டும். சந்தானம் கதாநாயகனாகத் தனிப் படங்களுக்குப் போனபோது, அவரை மனதில் வைத்து எழுதிய அந்த நண்பன் இடத்தை நிரப்பப் பலரும் சிரமப்பட்டார்கள். டிராக்காக இருந்திருந்தால், வேறு ஒருவரை வைத்து நான்கு நாளில் எடுத்துச் சேர்த்திருப்பார்கள்.